40% வெற்றி, ஒரு டிரேடுக்கு 5% ரிஸ்க்: கணக்கு காலியாக எவ்வளவு வாய்ப்பு?

இளவேனில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு சிஸ்டம் இருக்கிறது. இதுவரை சரியாக 100 டிரேட் எடுத்துப் பதிவு செய்திருக்கிறேன். 40 லாபம், 60 நட்டம். லாபம் வரும்போது நட்டத்தைப் போல இரண்டு மடங்கு வருகிறது. அதாவது ஒரு டிரேடில் 1 பங்கு ரிஸ்க் எடுத்தால், ஜெயித்தால் +2, தோற்றால் -1. மொத்தத்தில் 80 வந்து 60 போய், 20 பங்கு லாபம்.

இப்போது ஒவ்வொரு டிரேடிலும் கணக்கில் 5% ரிஸ்க் எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். பணம் வேகமாக வளர ஒரு டிரேடில் எவ்வளவு ரிஸ்க் எடுக்கலாம் என்று சொல்லும் கெல்லி கணக்குப்படி எனக்கு 10% வருகிறது, அதனால் 5% என்பது பாதி கெல்லி, பாதுகாப்பானது என்று ஒருவர் சொன்னார். ஆனால் நான் பார்த்த ஒரு கால்குலேட்டர் திவாலாகும் வாய்ப்பு 2% என்கிறது, இன்னொன்று பூஜ்யம் என்கிறது, மூன்றாவது ஒன்று 13% என்கிறது. மூன்றிலும் ஒரே எண்களைத்தான் கொடுத்தேன். எதை நம்புவது?

---

மாறன் எழுதியது:

பூஜ்யம் என்பதுதான் சரி. ஒவ்வொரு முறையும் இருப்பதில் 5% மட்டும்தானே எடுக்கிறீர்கள்? கணக்கு குறையக் குறைய ரிஸ்க்கும் குறையும். 100 இருந்தால் 5, 50 இருந்தால் 2.5. எத்தனை முறை தோற்றாலும் கையில் ஏதாவது மிச்சம் இருக்கும். எட்ஜ், அதாவது ஒரு டிரேடுக்குச் சராசரியாக வரும் லாபம், உங்கள் பக்கம் இருக்கும்வரை நேரம் போகப் போக மேலேதான் போகும். சிஸ்டத்தை மாற்றாமல் பிடித்துக்கொள்வதுதான் முக்கியம், சைஸைப் பற்றி அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

கணியன் எழுதியது:

இளவேனில், மூன்று கால்குலேட்டரும் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. மூன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

2% சொன்ன கால்குலேட்டர், நீங்கள் ஆரம்பப் பணத்தை 20 சம பங்காகப் பிரித்து, எப்போதும் ஒரே அளவு பங்கையே வைப்பதாக எடுத்துக்கொள்கிறது. கணக்கு ஏறினாலும் இறங்கினாலும் அதே தொகை. அப்படி ஆடினால் 20 பங்கும் தீர்ந்து கணக்கு நிஜமாகவே பூஜ்யத்தைத் தொடும் வாய்ப்பு உண்டு. பூஜ்யம் சொன்னது மாறன் சொல்வதைப் போல, இருப்பதில் 5% என்ற முறை. அதில் பூஜ்யத்தைத் தொடவே முடியாது, அது வெறும் பெருக்கல் கணக்கு. 13% சொன்னதும் அதே முறைதான், ஆனால் அது கேட்ட கேள்வி வேறு: கணக்கு என்றாவது ஒருநாள் ஆரம்பத் தொகையில் பாதிக்கு வந்து நிற்க எவ்வளவு வாய்ப்பு?

எனக்கு மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வியாகத் தெரிகிறது. கணக்கு 4 சதவீதமாகச் சுருங்கிய பிறகும் அதே சிஸ்டத்தை அமைதியாகத் தொடர்ந்து ஆடும் மனிதரை நான் பார்த்ததில்லை. பாதி போனதும் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள், அல்லது இழந்ததைப் பிடிக்கச் சைஸைக் கூட்டுகிறார்கள். இரண்டுமே கணக்கின் முடிவுதான். எனவே 'திவால்' என்பதற்கு ஒரு கோட்டை முதலில் நீங்களே போடுங்கள். 50% என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சம பங்கு முறையை வைத்து ஒரு விஷயத்தைப் பார்ப்போம், ஏனென்றால் சைஸுக்கும் எட்ஜுக்கும் உள்ள உறவு அதில்தான் பளிச்சென்று தெரியும். ஒரே ஒரு பங்கோடு ஆரம்பித்தால் என்றாவது அது தீர்ந்துபோகும் வாய்ப்பை r என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டிரேடில் 0.6 வாய்ப்பில் உடனே தீர்ந்தது. 0.4 வாய்ப்பில் மூன்று பங்காகிறது, அந்த மூன்றும் தீர வேண்டும். எனவே:

```
r = 0.6 + 0.4 * r^3
r = 0.8229
20 பங்குக்கு:  r^20 = 0.020
10 பங்குக்கு:  r^10 = 0.142
```

10 பங்காகப் பிரித்தால், அதாவது 10% ரிஸ்க் எடுத்தால் 14%. 20 பங்காகப் பிரித்தால் 2%. 0.142-ஐ அதாலேயே பெருக்கிப் பாருங்கள், 0.020 வரும். சைஸைப் பாதியாக்கினால் திவால் வாய்ப்பு பாதியாவதில்லை, தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு சுருங்குகிறது.

இதே வேகம் எதிர்ப்பக்கமும் உண்டு. எட்ஜ் பாதியானால் வாய்ப்பு அதன் வர்க்கமூலத்துக்கு ஏறுகிறது. உங்கள் எட்ஜ் இப்போது ஒரு டிரேடுக்கு 0.2 பங்கு. அது 0.1 ஆக வேண்டுமென்றால் வெற்றி விகிதம் 40-இலிருந்து 36.7-க்கு இறங்கினால் போதும். அப்போது 20 பங்கின் 2% என்பது 14% ஆகிவிடும். எட்ஜ் பாதியாவதும் சைஸ் இரட்டிப்பாவதும் கணக்குக்கு ஒன்றுதான்.

---

மாறன் எழுதியது:

கணியன், விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் என் முடிவு மாறவில்லையே. எட்ஜ் 0.2, சைஸ் 5%, பாதிக்கு இறங்க 13%. எட்டில் ஒரு வாய்ப்பு. பாதி கெல்லி என்பதே தெரிந்தே விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளிதானே? இதைவிடக் குறைத்தால் பணம் வளரவே வளராது.

---

தேன்மொழி எழுதியது:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. என் கணக்கு போன மாதம் காலியானது. எனக்கும் எட்ஜ் இருந்தது, ஒரு வருடப் பதிவு இருக்கிறது, இளவேனில் சொல்வதைப் போலவே 40% வெற்றி, இரண்டு மடங்கு லாபம். நான் ஒரு டிரேடுக்கு 2% தான் எடுத்தேன், அதற்கு மேல் போனதே இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு முறை எல்லாப் பொசிஷனும் ஸ்டாப் லாஸில் அடிபட்டது. அதற்கு அடுத்த வாரமும் இரண்டு முறை அப்படியே நடந்தது. புரோக்கர் மார்ஜினையும் கூட்டினார்கள், அதனால் மிச்சம் இருந்ததையும் மூட வேண்டியதாயிற்று. என் கேள்வி இதுதான்: புரோக்கர் இப்படி நடுவில் மார்ஜினைக் கூட்ட அனுமதி உண்டா? அவர்களால்தான் என் கணக்கு போனது.

---

கணியன் எழுதியது:

தேன்மொழி, கேட்கவே வருத்தமாக இருக்கிறது. மார்ஜின் விதி நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது, அதைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 'எல்லாப் பொசிஷனும்' என்றீர்களே, ஒரே நேரத்தில் எத்தனை திறந்திருந்தன? எதில் எதில்?

---

தேன்மொழி எழுதியது:

ஆறு. எல்லாம் நாணய ஜோடிகள். யூரோ, பவுண்டு, ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்து டாலர், கனடா டாலர், ஸ்விஸ் பிராங்க். ஒவ்வொன்றும் அமெரிக்க டாலருக்கு எதிராக. டாலர் விழும் என்ற கருத்தில் இருந்தேன். ஆறு ஜோடி என்பதால் ரிஸ்க்கைப் பிரித்து வைத்திருப்பதாகத்தான் நினைத்தேன்.

---

கணியன் எழுதியது:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆறும் டாலர் விழும் என்ற ஒரே பந்தயம். டாலர் ஏறிய நாளில் ஆறும் சேர்ந்துதான் விழும். முழுதாக ஒன்றாகவே நகரும் என்று வைத்தால் நீங்கள் எடுத்தது 2% அல்ல, 12%.

உங்கள் எண்களிலேயே பார்ப்போம். கெல்லி அளவு 10%. 2% என்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு, அந்தச் சைஸில் கணக்கு என்றாவது பாதிக்கு வரும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு. 12% என்பது கெல்லியைத் தாண்டிய அளவு, அங்கே அதே வாய்ப்பு 63%. அதே எட்ஜ், அதே ஸ்டாப் லாஸ், அதே வெற்றி விகிதம். உங்கள் பதிவில் ஒவ்வொரு டிரேடையும் தனி வரியாக எழுதியிருப்பீர்கள், அதனால் 2% என்றே கண்ணில் பட்டிருக்கும். நான்கு முறை 12% போனால் 40% இறங்கிவிடும். மார்ஜின் கூட்டியது அதற்குப் பிறகு வந்த கடைசித் தள்ளல்.

நிஜத்தில் ஆறும் நூறு சதவீதம் ஒன்றாக நகராது, கனடா டாலர் கொஞ்சம் எண்ணெயோடு போகும், பிராங்க் தன் வழியில் போகும். ஆனால் கலவர நாட்களில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். சைஸ் கணக்குக்கு அந்த நாட்கள்தான் முக்கியம்.

---

தேன்மொழி எழுதியது:

பதிவை எடுத்துப் பார்த்தேன். நான்கு நாளிலும் ஆறும் ஒரே பக்கம்தான் அடிபட்டிருக்கின்றன. மார்ஜின் விஷயத்தை ஒப்பந்தத்தில் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். நன்றி சார்.

---

கணியன் எழுதியது:

இப்போது மாறன் கேட்டதற்கு வருகிறேன். பாதி கெல்லி தெரிந்தே விட்டுவைத்த இடைவெளி என்பது முழுக்கச் சரி. ஆனால் எதிலிருந்து பாதி? இளவேனில் கணக்கிட்ட 10% என்ற கெல்லி அளவு, வெற்றி விகிதம் உண்மையிலேயே 40% என்றால் மட்டும் பொருந்தும். அந்த 40% எங்கிருந்து வந்தது? 100 டிரேடிலிருந்து.

100 டிரேடில் 40 வந்தால், அந்த 40-இல் இருக்கும் வழக்கமான தள்ளாட்டம் ஏறக்குறைய 5 புள்ளி. உண்மையான விகிதம் 45 ஆகவும் இருக்கலாம், 35 ஆகவும் இருக்கலாம், இரண்டும் அசாதாரணமே அல்ல. உண்மையில் 35% மட்டுமே ஜெயிக்கும் ஒரு சிஸ்டத்தை 100 டிரேட் ஆடினால், 40 அல்லது அதற்கு மேல் வெற்றி வர ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. எட்ஜே இல்லாத, மூன்றில் ஒன்று மட்டும் ஜெயிக்கும் சிஸ்டத்துக்குக்கூடப் பத்தில் ஒரு வாய்ப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தத் தள்ளாட்டத்தை ஒரு புள்ளிக்குக் குறைக்க வேண்டுமென்றால் 2400 டிரேட் வேண்டும்.

அந்த 5 புள்ளி சைஸில் என்ன செய்கிறது பாருங்கள். இந்த வகைப் பந்தயத்தில் கெல்லி அளவு, எட்ஜை 2-ஆல் வகுத்தால் வருவது. வெற்றி 40% என்றால் எட்ஜ் 0.20, கெல்லி 10%. 36% என்றால் எட்ஜ் 0.08, கெல்லி 4%. 35% என்றால் எட்ஜ் 0.05, கெல்லி 2.5%. வெற்றி விகிதம் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு எட்ஜ் நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

இளவேனிலின் 5% சைஸ் மாறாமல் அப்படியே இருக்கட்டும். உண்மை 40% என்றால் அது பாதி கெல்லி, பாதிக்கு இறங்கும் வாய்ப்பு சுமார் 13%. உண்மை 36% என்றால் அதே 5% கெல்லியைத் தாண்டிவிட்டது, வாய்ப்பு 66%. உண்மை 35% என்றால் அது இரண்டு மடங்கு கெல்லி. அந்த இடத்தில் கணக்கின் வளர்ச்சி விகிதம் பூஜ்யம், பாதிக்கு இறங்குவது நேரம் கொடுத்தால் நடந்தே தீரும். அங்கேயும் எட்ஜ் உங்கள் பக்கம்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு டிரேடும் சராசரியாக லாபம்தான். சைஸ் மட்டும்தான் கணக்கைச் சாய்க்கிறது.

13%, 66%, நிச்சயம். இந்த மூன்றில் தான் எங்கே நிற்கிறோம் என்று 100 டிரேட் பதிவை வைத்து இளவேனிலால் பிரித்தறிய முடியாது. என் கவலை முழுக்க இதுதான்.

---

நிரலோன் எழுதியது:

நான் டிரேடிங் செய்வதில்லை, ஆனால் சூத்திரத்தை நம்புவதைவிட ஓட்டிப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கணியன் சொன்னதைச் சிறிய நிரலாக எழுதினேன். 2000 டிரேடுக்குள் கணக்கு பாதியைத் தொட்டதா என்று மட்டும் பார்க்கிறது.

```python
import random

def halved(p, f, n=2000):
    m = 1.0
    for _ in range(n):
        if random.random() < p:
            m *= 1 + 2 * f
        else:
            m *= 1 - f
        if m <= 0.5:
            return True
    return False

for p in (0.40, 0.36, 0.35):
    hits = sum(halved(p, 0.05) for _ in range(5000))
    print(p, hits / 5000)
```

0.40-க்கு 0.12 பக்கம் வருகிறது, 0.36-க்கு 0.6-ஐ ஒட்டி, 0.35-க்கு 0.8 பக்கம். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும். 35%-க்கு 'நிச்சயம்' என்றாரே, எனக்கு 0.8 தான் வருகிறது. எங்கே வித்தியாசம்?

---

கணியன் எழுதியது:

நன்றி நிரலோன், நல்ல வேலை. வித்தியாசம் 2000-இல் இருக்கிறது. 'நிச்சயம்' என்பது முடிவே இல்லாமல் ஆடினால். `n`-ஐக் கூட்டிக்கொண்டே போனால் மெதுவாக 1-ஐ நோக்கி ஏறுவதைப் பார்க்கலாம். குறைத்தும் பாருங்கள், 500 டிரேடிலேயே 60%-ஐத் தாண்டிவிடும். ஒருவர் சில வருடத்தில் எடுத்துவிடும் எண்ணிக்கை அது.

இன்னொரு வேலையும் செய்து பாருங்கள். `p` என்பதை நிலையாக வைக்காமல், ஒவ்வொரு ஓட்டத்தின் ஆரம்பத்திலும் 0.40-ஐ நடுவாகவும் 0.05-ஐத் தள்ளாட்டமாகவும் வைத்துத் தற்செயலாக எடுங்கள். `random.gauss(0.40, 0.05)` போதும். இளவேனிலின் நிஜமான நிலை அதுதான்.

---

நிரலோன் எழுதியது:

ஓட்டினேன். 0.12 என்று இருந்தது 0.3-ஐ ஒட்டி ஏறிவிட்டது. சராசரி எட்ஜ் மாறவில்லை, இருந்தும் இவ்வளவு ஏற்றம். 45% பக்கம் விழும் ஓட்டங்களில் வாய்ப்பு 12-இலிருந்து ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறங்குகிறது, மிச்சப்படுத்த அங்கே பெரிதாக எதுவும் இல்லை. 35% பக்கம் விழுபவை 80-க்குத் தாவுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டவில்லை.

---

மாறன் எழுதியது:

சரி, இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன், பாதி கெல்லி என்று நான் நினைத்தது பாதியாக இல்லாமல் போகலாம். ஆனால் இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறதே. வெற்றி விகிதம் அதிகமுள்ள சிஸ்டத்தை எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆப்ஷன் விற்பவர்கள் 90% ஜெயிக்கிறார்கள். 90-இல் 5 புள்ளி குறைந்தால் என்ன ஆகிவிடும்?

---

வேலவன் எழுதியது:

மாறன், நான் ஆப்ஷன் விற்பவன்தான், அதனால் சொல்கிறேன். 90% ஜெயிப்பவர் ஜெயிக்கும்போது 1 எடுக்கிறார், தோற்கும்போது 8 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 வந்து 80 போய், 100 டிரேடுக்கு 10 லாபம். 5 புள்ளி குறைந்து 85% ஆனால், 85 வந்து 120 போகும். எட்ஜ் முழுக்கப் போய்விட்டது. சமநிலையே 89%-இல்தான் இருக்கிறது. அதிக வெற்றி விகிதம் தவறுக்கான இடத்தை இன்னும் சுருக்கிவிடும்.

அதைவிட எனக்குப் பயம் வேறு ஒன்று. இங்கே எல்லோரும் தோல்வி என்றால் -1 என்றே எடுத்துக்கொள்கிறீர்கள். ஸ்டாப் லாஸ் சொன்ன விலையில் நடக்கும் என்ற நம்பிக்கை அது. 2015 ஜனவரி 15 அன்று ஸ்விஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று 2011-இலிருந்து காத்துவந்த எல்லையை அறிவிப்பில்லாமல் கைவிட்டது. சில நிமிடங்களில் விலை பாதாளத்துக்குப் போனது. நடுவில் ஸ்டாப் இருந்தவர்களுக்கு அது நடந்த விலை பல மடங்கு தள்ளி இருந்தது. கணக்கில் இருந்ததற்கு மேல் கடனாளியானவர்கள் உண்டு. 2% ரிஸ்க் என்று எழுதிவைத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

---

கணியன் எழுதியது:

வேலவன் சொன்னதை இளவேனிலின் சிஸ்டத்தில் போட்டுப் பார்த்தேன். 60 தோல்வியில் 59 வழக்கம்போல -1, ஒன்று மட்டும் -10. எட்ஜ் 0.20-இலிருந்து 0.11-க்கு இறங்குகிறது, பாதியை விடக் கொஞ்சம் அதிகம்தான் மிச்சம். ஆனால் 20 சம பங்கு முறையில் 2% என்று இருந்த திவால் வாய்ப்பு நான்கில் ஒன்றை ஒட்டிப் போய்விடுகிறது. எட்ஜ் குறைந்தது ஒரு பக்கம், அந்தப் பெரிய அடி கொண்டுவரும் ஏற்றத்தாழ்வு இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்து அடிக்கின்றன.

இதில் கஷ்டம் என்னவென்றால், நூற்றில் ஒருமுறை வரும் நிகழ்வு 100 டிரேட் பதிவில் ஒருமுறைகூடத் தென்படாமல் போக 37% வாய்ப்பு இருக்கிறது. இளவேனில், உங்கள் 60 தோல்விகளில் மிகப் பெரியது எவ்வளவு?

---

இளவேனில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மிகப் பெரியது -1.4. இரவில் பொசிஷன் வைத்திருந்த ஒரு நாள் அது. மற்றதெல்லாம் -1-க்குப் பக்கத்தில்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இந்தச் சிஸ்டத்தோடு இன்னும் மூன்று சிஸ்டங்களையும் முயன்றேன், இது நன்றாக வந்ததால் இதைத் தேர்ந்தெடுத்தேன். அது கணக்கை மாற்றுமா?

இப்போது 1%-க்கு இறக்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

---

கணியன் எழுதியது:

மாற்றும், பாதகமான பக்கமாக. நான்கில் நன்றாக வந்ததை எடுக்கும்போது அதில் திறமையோடு அதிர்ஷ்டமும் சேர்ந்து வந்திருக்கும். நான்கும் எட்ஜே இல்லாத சிஸ்டங்களாக இருந்தாலும், ஏதாவது ஒன்று 100-இல் 40 தொடுவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எனவே உங்கள் விஷயத்தில் 40-ஐ நடுவாக எடுப்பதே தாராளம். நானாக இருந்தால் 36 அல்லது 35 என்று வைத்துச் சைஸ் போடுவேன்.

35% என்று வைத்தால் 1% ரிஸ்க்கில் பாதிக்கு இறங்கும் வாய்ப்பு 6%. 2%-இல் அது 35%. 36% என்றால் 1%-இல் ஒரு சதவீதத்துக்கும் கீழ், 2%-இல் எட்டில் ஒன்று. 1% எனக்குச் சரியாகப் படுகிறது.

---

வேலவன் எழுதியது:

1% என்று சொல்வதற்கு முன் ஒன்று கேளுங்கள். ஒரு டிரேடுக்குக் கட்டணம் எவ்வளவு, அது நிலையான தொகையா, சைஸோடு ஏறி இறங்குவதா? சின்னக் கணக்குகளில் இது பெரிய விஷயம்.

---

இளவேனில் எழுதியது:

நிலையான தொகை. 5% ரிஸ்க்கில் பார்த்தால் ஒரு பங்கில் இருபதில் ஒன்று, அதாவது 0.05. நான் சொன்ன +2, -1 கணக்கில் அதைக் கழிக்கவில்லை.

---

வேலவன் எழுதியது:

அப்படியானால் பாருங்கள். 5% சைஸில் எட்ஜ் 0.20-இல் 0.05 போய் 0.15. சைஸை 1%-க்கு இறக்கினால் கட்டணம் அதே தொகைதான், ஆனால் பங்கு ஐந்தில் ஒன்றாகிவிட்டது. கட்டணம் இப்போது 0.25 பங்கு. எட்ஜ் 0.20 கழித்தல் 0.25, அதாவது நட்டம். 40% உண்மையாகவே இருந்தாலும் 1%-இல் இந்தச் சிஸ்டம் பணத்தை மெதுவாகக் கரைக்கும். 'சின்னதாக ஆடினால் பாதுகாப்பு' என்பது இந்தக் கணக்குக்குப் பொருந்தவில்லை.

---

கணியன் எழுதியது:

இதை நான் கேட்டிருக்க வேண்டும், வேலவன் சொல்வது சரி. உண்மை 36% என்று எடுத்தால் நிலைமை இன்னும் இறுக்கம்: எட்ஜ் 0.08 தான். 5%-இல் கட்டணம் போக 0.03 மிச்சம், அந்த எட்ஜுக்கு 5% மிக மிகப் பெரிய சைஸ். 2.5%-இல் கட்டணம் 0.10, எட்ஜ் இல்லை. பெரிய சைஸில் ஏற்றத்தாழ்வு கொல்கிறது, சின்ன சைஸில் கட்டணம் கொல்கிறது, நடுவில் நிற்க இடமே இல்லை.

நான் பார்த்தவரை இரண்டு வழிகள். ஒன்று, சைஸோடு ஏறி இறங்கும் கட்டணமுள்ள இடத்துக்கு மாறுவது. இல்லையென்றால், கணக்கு பெரிதாகும் வரை இந்தச் சிஸ்டத்தை நிஜப் பணத்தில் ஆடாமல் பதிவை மட்டும் வளர்ப்பது.

---

மாறன் எழுதியது:

பதிவை மட்டும் வளர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காகிதத்தில் ஆடும்போது விலை எப்போதும் கேட்டபடி கிடைக்கும், நிஜத்தில் கிடைக்காது. 2400 டிரேட் சேர்த்தாலும் அது வேறொரு சிஸ்டத்தின் பதிவு. அவ்வளவு காலத்தில் சந்தையும் மாறிவிடும். குறைந்தபட்சச் சைஸில் நிஜமாக ஆடி, கட்டணத்தைக் கற்றுக்கொள்ளும் செலவாக எடுத்துக்கொள்வதே மேல் என்பேன். முழுக் கணக்கையும் வைக்க வேண்டாம், இழந்தால் தாங்கக்கூடிய ஒரு பகுதியை மட்டும் தனியாக.

---

கணியன் எழுதியது:

சந்தை மாறும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை மாறன், அது நிஜமான பிரச்சினை. எட்ஜ் நிலையானது என்ற அனுமானத்தில்தான் இந்த இழையின் எல்லாக் கணக்கும் நிற்கிறது. தனிப் பகுதி என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பகுதி போய்விடும் என்று முன்பே எழுதிவைத்துவிட்டால். ஆனால் குறைந்தபட்சச் சைஸில் எட்ஜ் நட்டத்தில் இருக்கும் என்பதால், அந்தப் பதிவிலிருந்து லாப நட்டத்தைப் பார்க்காமல் வெற்றி விகிதத்தையும் தோல்வியின் அளவையும் மட்டும் பார்க்க வேண்டும்.

---

இளவேனில் எழுதியது:

கட்டணம் சைஸோடு மாறும் இரண்டு இடங்களை விசாரித்தேன். ஒன்றில் ஒரு பங்குக்கு 0.03 என்று வருகிறது, எந்தச் சைஸிலும் அதேதான். 36% என்று வைத்தால் எட்ஜ் 0.08-இல் 0.05 மிச்சம், அதாவது கெல்லி 2.5% பக்கம். அதில் 1%. கணக்கில் ஐந்தில் ஒரு பகுதியை மட்டும் அங்கே மாற்றி, அதில் 1% என்று ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு டிரேடிலும் ஸ்டாப் கேட்ட விலையையும் கிடைத்த விலையையும் தனித்தனியாக எழுதப்போகிறேன். ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாயும் பொசிஷன்களை ஒரே வரியில் எழுதுவேன், தேன்மொழி சொன்னதைப் பார்த்த பிறகு.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வெற்றி விகிதம் 100 டிரேடில் 33-க்கு வந்தால் நிறுத்தவா, தொடரவா? 36% உள்ள சிஸ்டத்துக்கும் அது சாதாரணமாக வரக்கூடியதுதானே?

---

நிரலோன் எழுதியது:

சாதாரணமாக வரும். 36% வைத்து 100 டிரேடாக ஓட்டினால், 33 அல்லது அதற்குக் கீழ் மூன்றில் ஒருமுறை போலக் கிடைக்கிறது. அந்த எண்ணை வைத்து நிறுத்தினால் நல்ல சிஸ்டத்தையும் மூன்றில் ஒருமுறை தூக்கிப் போடுவீர்கள். 28 என்று கோடு போட்டால் இருபதில் ஒன்றாகக் குறைகிறது, ஆனால் எட்ஜே இல்லாத சிஸ்டம் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தொடாமல் தப்பிவிடும்.

---

வேலவன் எழுதியது:

நான் வெற்றி விகிதத்தில் கோடு போடுவதில்லை, அந்தத் தனிப் பகுதியின் தொகையில் போடுகிறேன். பாதி போனால் நிறுத்தம். சிஸ்டம் கெட்டதா, அதிர்ஷ்டம் கெட்டதா என்று அந்த இடத்தில் தெரியாது. தெரியாமலே நிறுத்துவேன்.